சொன்ன விலையில் பாதி கேட்டால் போதுமா?

"வாரச் சந்தையில் ஒரு தோள்பை வாங்கினேன். சொன்ன விலையில் பாதி கேட்டேன், மறுபேச்சே இல்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஏமாந்துவிட்டேனோ என்று அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. முதலில் சொல்லும் விலையை எப்படி எடைபோடுவது, எந்த விலையில் முடித்தால் நியாயம்?"

ஏமாந்தீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். கேட்ட விலைக்கு ஒரு நொடி கூட யோசிக்காமல் பையை எடுத்துக் கொடுத்தார் என்றால், அவர் மனதில் வைத்திருந்த விலை அதற்கும் கீழே இருந்தது. நான் ஏழு வருடம் சந்தைகளில் பை, பெல்ட், பர்ஸ் விற்றவன், அதனால் கடைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததையே சொல்கிறேன். "சொன்னதில் பாதி கேள்" என்று ஆளாளுக்குச் சொல்லிக் கொடுப்பது விற்கிறவர்களுக்கும் தெரியும். தெரிந்த பிறகு என்ன செய்வோம்? பாதிக்குக் கேட்டாலும் கட்டுப்படியாகிற மாதிரி ஏற்றிச் சொல்வோம், அவ்வளவுதான். நீங்கள் பாதி கேட்டு ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போவீர்கள், நாங்களும் சிரித்துக்கொண்டே கவரில் போட்டுக் கொடுப்போம்.

முதல் விலை பொருளைப் பற்றி அதிகம் சொல்வதில்லை, உங்களைப் பற்றித்தான் சொல்கிறது. நீங்கள் கடைக்கு வந்து வாய் திறப்பதற்குள் நாங்கள் பாதிக் கணக்கைப் போட்டிருப்போம். எத்தனை பையைத் தொட்டீர்கள், தொட்டதில் எதைத் திரும்ப எடுத்தீர்கள், கூட வந்தவர் "இது நல்லா இருக்கே" என்றாரா, கையில் வேறு கடைப் பொட்டலங்கள் இருக்கின்றனவா, செருப்பு எப்படிப்பட்டது, அவசரமாக இருக்கிறீர்களா. இதில் ரொம்பப் பேசுவது இரண்டாவது தடவை எடுப்பதுதான். ஒருவர் ஐந்து பையைப் பார்த்துவிட்டு மூன்றாவதையே மறுபடி எடுத்துத் தோளில் மாட்டிப் பார்த்தால், அதற்குச் சொல்கிற விலை அப்போதே ஒரு படி ஏறிவிடும். ஒரே பைக்கு ஒரே காலையில் மூன்று பேரிடம் மூன்று விலை சொன்னவன் நான். பெருமையாகச் சொல்லவில்லை, நடக்கிறது இதுதான்.

அதனால் முதல் விலையிலிருந்து கீழே கணக்குப் போட்டு வருவது அடிப்படையிலேயே தப்பான வழி. ஆனாலும் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம், ஏனென்றால் மனது அப்படி வேலை செய்கிறது. ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் எழுதிய ஆய்வில் ஒரு சோதனை வருகிறது. ஒரு சுழல் சக்கரத்தைச் சுற்றி, அதில் வருகிற எண்ணைக் காட்டிவிட்டு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரத்தில் 10 வந்ததைப் பார்த்தவர்கள் சொன்ன பதில்களின் நடு மதிப்பு 25, 65 வந்ததைப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் கண்ணில் பட்ட எண் பதிலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பைக்கு 1200 என்று கேட்டவுடன் 600 மலிவாகத் தெரிவதும் இந்த இழுப்புதான். 800 என்று சொல்லியிருந்தால் அதே 600 உங்களுக்கு விலை அதிகமாகத் தோன்றியிருக்கும்.

இதற்கு ஒரே மருந்து, கடைக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்பே உங்கள் கையில் இரண்டு எண்கள் இருப்பது. ஒன்று தரை, இதற்குக் கீழே அவர் விற்றால் நஷ்டம். இன்னொன்று கூரை, இதற்கு மேலே நீங்கள் கொடுத்தால் வேறு இடத்திலேயே வாங்கியிருக்கலாம். நியாயமான விலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். முதல் விலை இந்தக் கணக்கில் வரவே வராது.

கூரையைக் கண்டுபிடிப்பது சுலபம். கிட்டத்தட்ட அதே தரத்துப் பை, விலைச் சீட்டு ஒட்டின கடையில் என்ன விலை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எண்ணை அப்படியே கூரையாக எடுக்கக் கூடாது, இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அந்தக் கடையில் பில் தருவார்கள், ஜிப் போனால் மாற்றித் தருவார்கள், நிதானமாக வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம். சந்தையில் அடுத்த வாரம் அந்த ஆள் அதே இடத்தில் இருப்பாரா என்பதே நிச்சயமில்லை. இந்த வசதிகளுக்கு உங்கள் மனதில் ஒரு மதிப்பு இருக்குமே, அதைக் கழித்துவிட்டு வருவதுதான் உங்கள் கூரை. சீக்கிரம் பழுதாகக்கூடிய பொருள் என்றால் நிறையக் கழியுங்கள், ஒரு துண்டு, ஒரு பாய் மாதிரிப் பொருள் என்றால் கழிக்க ஒன்றுமே இருக்காது.

தரையைக் கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் வேலை. துணி, பை, செருப்பு மாதிரிப் பொருள்களில், விலை ஒட்டி விற்கும் கடைகள் மொத்த விலையைப் போல இரண்டு மடங்கு வைத்து விற்பது பழைய வழக்கம். எல்லாக் கடைக்கும் இது பொருந்தாது, ஆனால் ஒன்றும் தெரியாத இடத்தில் ஆரம்பிக்க நல்ல கணக்கு. ஆக கடை விலையில் பாதியை அசல் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சந்தைக்காரருக்கு என்ன செலவு? சரக்கை வண்டியில் ஏற்றி இறக்கும் செலவு, இடத்துக்குக் கட்டும் வாடகை, வெயில் மழையில் வீணாகிற சரக்கு, விற்காமல் தேங்கிக் கடைசியில் வந்த விலைக்குத் தள்ளுகிற நாலைந்து உருப்படி. இவற்றை அன்றைக்கு விற்கும் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பைக்கு இவ்வளவு என்று வரும். என் அனுபவத்தில் அது அசலில் கால் பங்கை ஒட்டி நிற்கும். அவருடைய கூலி இன்னும் இதில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தரை என்பது அவர் நாள் முழுக்க நின்றதற்கு ஒன்றுமே கிடைக்காத விலை. அந்த விலைக்கு அடித்து வாங்குவதைச் சாமர்த்தியம் என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

சரி, ஒரு பேரத்தை முழுசாகவே சொல்கிறேன். போன வருடம் ஒரு நண்பரோடு போயிருந்தேன், அவருக்கு ஒரு கான்வாஸ் தோள்பை வேண்டும். அந்தச் சந்தையில் என்னை யாருக்கும் தெரியாது. எண்களை எளிதாகப் புரிகிற மாதிரி மாற்றித்தான் தருகிறேன், எந்தக் காசு என்பது முக்கியமில்லை.

அதே மாதிரிப் பை விலை ஒட்டின கடையில் 900. மாற்றித் தரும் வசதி போன்றவற்றுக்கு நண்பர் 120 போட்டார், கூரை 780 ஆயிற்று. 900-இல் பாதி 450 அசல், அதில் கால் பங்கு போலச் செலவு 110, தரை 560. தரைக்கும் கூரைக்கும் சரிநடு 670. இந்த விலையில் முடிந்தால், இரண்டு பேருக்கும் இந்தப் பேரத்தால் வருகிற லாபம் சமமாகப் பிரிகிறது. நியாயம் என்று நான் சொல்வது இதைத்தான். தரை என்பது நம் ஊகம்தான், ஐம்பது முன்னே பின்னே போகலாம், அதனால் 640-இலிருந்து 700-க்குள் எதுவாக இருந்தாலும் எடுக்கலாம் என்று முடிவு செய்துகொண்டோம். இவ்வளவையும் சந்தைக்குள் நுழைவதற்கு முன்பே செய்தாகிவிட்டது.

கடையில் கேட்டோம். "1200 சார், சரக்கைப் பாருங்க, தையலைப் பாருங்க" என்றார்.

இங்கே ஒரு விஷயம். பேரங்களில் பெரும்பாலும் இரண்டு பேரும் சொன்ன முதல் விலைகளின் நடுப்புள்ளிக்குப் பக்கத்தில்தான் முடியும், ஏனென்றால் ஆளுக்கு ஒரு படி என்று மாறி மாறி விட்டுக்கொடுப்பதே மரியாதை என்று இரண்டு பேருக்கும் தோன்றும். அப்படியானால் 670-இல் முடிய வேண்டும் என்றால் நாம் முதலில் என்ன கேட்க வேண்டும்? 670-இன் இரு மடங்கில் 1200-ஐக் கழித்தால் 140. பையின் அசலே 450 இருக்கும்போது 140 என்று கேட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதோடு பேரம் முடிந்தது. மாறாக 600 என்று பாதியைக் கேட்டால்? நடுப்புள்ளி 900, அதாவது கடை விலையே வந்துவிடும். ஆகவே இந்த 1200-க்குப் பதில் விலையே சொல்லக் கூடாது. எதிர்விலை சொன்ன கணமே அந்த 1200-ஐ ஒரு நிஜமான விலையாக நாம் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். புதிதாக விலை கேட்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான், அப்புறம் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாலும் மீட்க முடியாது.

நண்பர் ஒன்றும் சொல்லாமல் பையைத் திருப்பி ஜிப்பை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார், உள்துணியைப் புரட்டினார், கீழே வைத்தார். வைத்துவிட்டு, "மெயின் ரோட்டுக் கடையில இதே பை 900 போட்டிருக்கான் அண்ணே, பில்லோட" என்றார். குரலில் கோபம் இல்லை, குறை சொல்லும் தொனியும் இல்லை. கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, உங்களுக்காக 950." அந்த ஒரு வாக்கியத்தில் 250 போயிற்று. ஒரே மூச்சில் இவ்வளவு இறங்குகிற விலை, முதலிலேயே விலையாகச் சொன்னது அல்ல, ஆள் பார்த்துச் சொன்னது.

950-தான் உண்மையான ஆரம்பம். இப்போது கணக்கைத் திரும்பப் போட்டால் 670-இன் இரு மடங்கிலிருந்து 950 போக 390 வருகிறது. அது அசலுக்கும் ரொம்பக் கீழே என்பதால் கொஞ்சம் ஏற்றி 430 என்றார் நண்பர். கடைக்காரர், "அதுக்கு எனக்கே வராது சார்" என்று சொல்லிவிட்டு 850-க்கு வந்தார். இவர் 510. அவர் 780, இவர் 570. அவர் 730, இவர் 610. அவர் 700, இவர் 640. இந்த எண்களை வேகமாகக் கடந்து போகாதீர்கள், பேரத்தில் உள்ள தகவல் முழுவதும் இதில்தான் இருக்கிறது. அவர் இறங்கின படிகளைப் பாருங்கள்: 100, 70, 50, 30. ஒவ்வொரு படியும் முந்தியதைவிடச் சின்னதாகிக்கொண்டே வருகிறது. தரை நெருங்க நெருங்கக் கால் மெதுவாகிறது. அடுத்த படிகள் 20, 12, 7 என்று போகும் என்று வைத்தால் அவர் கடைசியாக நிற்கிற இடம் 650-ஐ ஒட்டி வரும். நாம் முன்பே முடிவு செய்த 640-700 கணக்கும் இதுவும் பெரிதாக விலகவில்லை, ஆக ஊகம் சரியான பக்கத்தில் இருக்கிறது. நண்பர் ஏறின படிகளும் அதே மாதிரி 80, 60, 40, 30 என்று சுருங்கின. கடைக்காரரும் அதைப் படித்திருப்பார், இந்த ஆள் 700-க்கு வர மாட்டான் என்று. 670-க்கு முடிந்தது.

இதையே ஒரு பேரம் எங்கேயாவது முறுக்கிக்கொள்ளும்போது பயன்படுத்தலாம். படிகள் சுருங்காமல் 100, 100, 100 என்று இறங்கிக்கொண்டே இருந்தால் தரை இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது, நீங்கள் நிறுத்தினால்தான் நஷ்டம். எதிர்மாறாக, முதல் விலையிலிருந்து ஒரு சின்னப் படி மட்டும் இறங்கி அங்கேயே நின்றுவிட்டால், அவர் ஆரம்பத்திலேயே ஏறக்குறைய நிஜ விலையைச் சொல்லியிருக்கிறார். சில பேர் அப்படித்தான், ஏற்றிச் சொல்லப் பிடிக்காது, அல்லது வாயாடத் தெம்பு இல்லை. அவர்களிடம் போய்ப் பாதிக்குக் கேட்டால் அவமானப்படுத்துவது போலத்தான் ஆகும். உங்கள் தரைக் கணக்கும் அதையே சொன்னால் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

"கடைசியா என்ன விலை?" என்று எடுத்தவுடன் கேட்பவர்கள் நிறைய. அது ஒன்றுக்கும் உதவாது. அந்தக் கேள்விக்கு என்றே எல்லாக் கடைக்காரரிடமும் ஒரு "கடைசி விலை" தயாராக இருக்கும், அதற்குக் கீழே இன்னும் இரண்டு கடைசி இருக்கும். நானும் வைத்திருந்தேன்.

எழுந்து நடப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் பிரம்மாஸ்திரம் மாதிரி சொல்கிறார்கள். நடந்தால் கூப்பிடுவார்கள், உண்மைதான். ஆனால் கூப்பிடாமல் போனால் அதற்கு என்ன பொருள்? நீங்கள் கேட்டது தரைக்குக் கீழே என்பது ஒரு காரணம். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவர் முன்னால் இறங்கினால் நாளைக்கு இருவருக்கும் பேச்சு வரும் என்பது இன்னொன்று. கடையில் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள், உங்களுக்குக் கொடுத்தால் அவர்களுக்கும் அதே விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பது மூன்றாவது, இது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். கூட்டம் நிற்கும் கடையில் நடந்து பார்ப்பது வீண். ஆள் இல்லாத நேரத்தில், நிஜமாகவே போகத் தயாராக இருந்து நடந்தால் மட்டும்தான் அது ஒரு கேள்வி, அவர் கூப்பிடுவதோ விடுவதோ அதற்குப் பதில். போவது போல நடித்துப் பத்தடியில் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்ப்பவர்களைக் கடைக்காரர்களுக்கு முதுகைப் பார்த்தே தெரியும். அவர் கூப்பிடாமல் நீங்களாகத் திரும்பி வந்தால், அவர் கடைசியாகச் சொன்ன விலைதான், அதற்கு மேல் ஒரு காசு குறையாது.

நேரம் பற்றி ஒரு தப்பு நம்பிக்கை உண்டு, கடை கட்டும் நேரத்தில் போனால் எதுவும் பாதி விலை என்று. அன்றைக்கே அழுகிப்போகிற பொருளுக்கு அது சரி. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் குப்பைதான் என்பதால், இட வாடகையும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதால், அங்கே தரை நிஜமாகவே சரிந்து விழும். பைக்கு அப்படி இல்லை. மூட்டை கட்டி அடுத்த சந்தையில் விரித்தால் அதே விலைக்குப் போகும். கட்டும் நேரத்தில் எங்களிடம் குறைவது, அந்த வாரம் மடிப்பு விழுந்து கறை படிந்த உருப்படியும், நிறம் யாருக்கும் பிடிக்காமல் விற்காமலே நின்ற ஒன்றிரண்டும்தான். அது உங்களுக்குப் பிடித்த நிறமாக இருந்தால் அதிர்ஷ்டம். காலையில் இன்னும் போணி ஆகாத கடையில் கொஞ்சம் இளக்கம் இருக்கும், முதல் ஆளைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனது வராது. ஆனால் அதுவும் ஒரு படி இறங்கும் அளவுக்குத்தான்.

அப்புறம், விலையை மட்டுமே பிடித்துத் தொங்குவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் மொராக்கோவின் செஃப்ரூ ஊர்ச் சந்தையைக் கூர்ந்து கவனித்து 1978-இல் எழுதியதில் ஒன்றைக் குறிப்பிடுகிறார்: அங்கே பேரம் பல நேரம் காசில் நடப்பதில்லை, விலையை அப்படியே வைத்துவிட்டு அளவிலும் தரத்திலும் நடக்கிறது. எல்லாச் சந்தைக்கும் இது பொருந்தும், கெட்ட விதத்திலும். எடைபோட்டு விற்கும் பொருளில் விலையைத் தரைக்குக் கீழே தள்ளினால், அதே விலையை எடையில் பிடித்துவிடுவார்கள், கீழ் அடுக்கில் இருக்கும் மட்டச் சரக்கை அள்ளிப் போடுவார்கள். பையில் என்றால் காட்டியது ஒன்று, கட்டிக் கொடுப்பது இன்னொன்று. நான் இதைச் செய்ததில்லை என்று சத்தியம் செய்ய முடியும், என் பக்கத்துக் கடைக்காரருக்காகச் செய்ய முடியாது. ஒரு தடவை அவர் கடையில் ஒரு பெண் 480-க்கு அடித்துப் பிடித்து வாங்கினார், கடைக்காரர் பையை மடித்துக் கட்டுகிற சாக்கில் ஜிப் பழுதான உருப்படியை உள்ளே தள்ளுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை, அது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

விலையை விட்டு வேறு எதிலாவது பேரம் பேசுவதன் நல்ல பக்கத்தையும் பயன்படுத்தலாம். படிகள் சுருங்கி 700-இல் நின்றுவிட்டது, உங்களுக்கு இன்னும் மனது வரவில்லை என்றால் விலையை விட்டுவிட்டு வேறு ஏதாவது கேளுங்கள். "700 தரேன், அந்தச் சின்னப் பர்ஸையும் சேர்த்துப் போடுங்க." அவருக்கு அந்தப் பர்ஸ் அசல் விலைக்குத்தான் செலவு, உங்களுக்கு அது கடை விலைக்குச் சமம், இரண்டு பேருக்கும் லாபம். அதே மாதிரி இரண்டு பை எடுத்தால் விலை கேளுங்கள், ஒன்றுக்குக் குறையாதது இரண்டுக்குக் குறையும், ஏனென்றால் அவருடைய இட வாடகை இரண்டு பை மேல் பரவுகிறது. ஆனால் இரண்டு எடுக்கிறேன் என்று விலையை இறக்கிவிட்டு, "சரி, ஒண்ணு மட்டும் போதும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு எந்தக் கடையிலும் மறுபடி நல்ல விலை கிடைக்காது. சந்தையில் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

உங்கள் கேள்விக்கே திரும்பி வந்தால், நீங்கள் பாதி சொன்னபோது அவர் உடனே சரி என்றதும், அங்கேயே நின்று இன்னும் குறைக்கப் பார்க்காமல் காசு கொடுத்தீர்களே, அது சரியான காரியம். நாமாகச் சொன்ன விலையை எதிராளி ஒத்துக்கொண்டபின் பின்வாங்கக் கூடாது, இது எழுதாத விதி. அதனால்தான் வாங்க எண்ணம் இல்லாத பொருளுக்கு விலையே சொல்லக் கூடாது என்கிறேன். பொழுதுபோக்குக்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, "எடுத்துக்கோங்க" என்றவுடன் நகர்ந்தால் கேட்கக்கூடாததைக் கேட்க வேண்டியிருக்கும்.

பழைய சாமான், கைவேலைப் பொருள் இரண்டுக்கும் இந்தக் கணக்கு அப்படியே ஓடாது. பழையதில் அசல் என்ன என்று விற்பவருக்கே தெளிவாக இருக்காது, ஒரு மூட்டையாக அள்ளி வந்திருப்பார், ஆகவே அங்கே கூரை ஒன்றுதான் உங்களுக்குத் துணை. கைவேலையில் தரை என்பது அவர் செலவழித்த நாட்கள், அதைப் பாதியாகப் பேச நமக்கு உரிமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த தடவை போகும்போது சரியான சில்லறையைத் தனியாக எடுத்து மேல் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 670 என்று முடிந்தபின் பெரிய நோட்டாக நீட்டினால், "சில்லறை இல்லை, 700-ஆவே குடுத்துடுங்க" என்று அத்தனை பேரமும் ஒரு வாக்கியத்தில் கரைந்துவிடும். காசு கைமாறும் வரை பையை உங்கள் கையிலேயே வைத்திருங்கள், கவரில் போட்டுத் தருகிறேன் என்று வாங்கினால் கண்ணை எடுக்காதீர்கள். வாங்கினபின் அடுத்த கடையில் போய் "இது என்ன விலை" என்று கேட்க வேண்டாம், உங்கள் கையில் இருக்கும் பையைப் பார்த்துவிட்டு அவர் வேண்டுமென்றே 500 என்பார்.